முதல் வாக்கியம் யாருக்கு?

எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால், முதல் வரியில் அவர் பிறந்தாக வேண்டும். கிள்ளையில் நான் பள்ளியில் படித்த காலத்தில் ஆண்டு விழா மலருக்கும், கோயில் விழா மலருக்கும், பணி ஓய்வு பாராட்டு மடலுக்கும் இதுதான் சட்டம். பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளி, சேர்ந்த வேலை, பெற்ற பதவி, கடைசியில் இன்றைக்கு என்னவாக இருக்கிறார் என்பது. மலர்க் குழுவில் எழுத்து வேலையை என்னிடம் கொடுத்த தமிழ் வாத்தியார் ஐயா சொல்வார்: "வேர்ல இருந்து ஏறி வாடா தம்பி. நடுக்கிளையில இருந்து ஆரம்பிச்சா படிக்கிறவன் எதைப் புடிச்சு ஏறுவான்?"

அவர் சொன்னது அன்றைக்கு முழுக்கச் சரி. அந்த மலரைப் படித்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். சிறப்பு விருந்தினர் மாவட்டக் கல்வி அலுவலர் என்பது அழைப்பிதழிலேயே இருந்தது. அவர் பெரியவர் என்று புதிதாக நிறுவ வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. படிப்பவருக்குத் தெரியாததும், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் வேறு: இவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளியில் படித்து எப்படி அங்கே போனார்? முடிவு முன்பே தெரிந்திருந்ததால், வழியைச் சொல்வதற்குத்தான் குறிப்பு. வழியைச் சொல்லக் கால வரிசையைவிட நல்ல வரிசை கிடையாது.

இன்னொரு வசதியும் அந்த வரிசைக்கு உண்டு. தமிழ் வாக்கியமே அந்தப் பக்கம்தான் சாயும். 'கிள்ளையில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, கடலூரில் பணியாற்றி, இன்று சென்னையில் துறைத்தலைவராக இருக்கிறார்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். வினையெச்சங்கள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு காலப்படி நடந்துபோய், கடைசி வினைமுற்றில் உட்கார்ந்துகொள்ளும். வாக்கியத்தின் கனமான இடம் அந்தக் கடைசிதான். ஆக, முக்கியமான செய்தியைக் கடைசியில் வைப்பது தமிழில் எழுதுகிறவனுக்குப் பழக்கத்தால் வருவது மட்டுமில்லை, இலக்கணமே இழுத்துக்கொண்டு போகிற இடம். சிறந்ததை முதலில் வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த நீள வாக்கியத்தை உடைக்காமல் அது நடக்காது. 'துறைத்தலைவர். கிள்ளையில் பிறந்தவர்' என்று சின்னச் சின்னதாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை எந்த முறையில் அடுக்குவது என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது.

மேடை அறிமுகத்திலும் அதே முறைதான் கொடிகட்டிப் பறந்தது. அறிமுகம் செய்கிறவர் ஊரில் தொடங்கி, படிப்பு, பணி, நூல்கள், விருதுகள் என்று ஏற்றிக்கொண்டே போவார். பெயரை மட்டும் சொல்லமாட்டார். கடைசியில் குரலை உயர்த்திப் பெயரைச் சொல்லும்போது கைதட்டல் எழும். இது இன்றைக்கும் செல்லுபடியாகும் முறை. காதால் கேட்பவன் நடுவில் எழுந்து போக முடியாது. கடைசி வார்த்தை வரை அவன் உங்கள் கையில் இருக்கிறான். அதனால் பேச்சில் சிறந்தது கடைசியில் வரலாம், வரவும் வேண்டும். முதலிலேயே பெயரையும் பெரிய விருதையும் சொல்லிவிட்டு, அதன் பிறகு பள்ளிப் படிப்பைச் சொன்னால் கூட்டம் பேசத் தொடங்கிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் சிதம்பரத்தில் வேலை தேடிய எங்களுக்கு 'பயோடேட்டா' என்றொரு தாள் அறிமுகமானது. தட்டச்சுக் கடையில் அதற்கு ஒரே அச்சுதான். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், தெரிந்த மொழிகள், கல்வித்தகுதி. முன்னனுபவம் என்ற வரி தாளின் அடிப்பக்கத்தில் இருக்கும். அது வாக்கியமே இல்லாத குறிப்பு, ஆனால் வரிசை அதே வரிசை. அப்படிப்பட்ட தாளை வாங்கிப் பார்த்தவர்கள் அடியில் இருந்து மேலே படித்தார்கள் என்பதை நான் பிறகு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் உட்கார்ந்தபோது பார்த்தேன். கை நேராக அனுபவம் இருக்கும் இடத்துக்குப் போகும். அங்கே ஏதாவது இருந்தால்தான் பெயரைப் பார்க்கக் கண் மேலே ஏறும்.

இப்போது நான் பார்க்கும் வேலையில் ஆசிரியர் குறிப்புகள் வாரம் தவறாமல் வருகின்றன. புத்தகத்தின் பின்னட்டைக்கு, கருத்தரங்கத் துண்டறிக்கைக்கு, பத்திரிகைக் கட்டுரையின் அடியில் போடுவதற்கு. அறுபது வார்த்தை, நாற்பது வார்த்தை என்று அளவு சொல்லித்தான் கேட்கிறார்கள். சொன்ன அளவில் எழுதிக் கொடுத்தாலும் அது அப்படியே அச்சாகும் என்று நம்ப முடியாது. பக்கம் கட்டுகிறவருக்கு இடம் போதவில்லை என்றால், அவர் கத்தரிப்பது எப்போதும் அடியில் இருந்துதான். நடுவில் இருந்து ஒரு வாக்கியத்தை எடுக்க, முழுவதையும் படித்துத் தீர்மானிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அச்சுக்கு அனுப்புகிறவருக்கு அதற்கு நேரம் கிடையாது. கைபேசித் திரையும் அதையேதான் செய்கிறது: முதல் இரண்டு வரியைக் காட்டிவிட்டு மிச்சத்தை மடித்துவைத்துக்கொள்கிறது.

எனவே, வரிசையைத் தீர்மானிக்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது எது சிறந்தது என்பதை இல்லை. எது போனாலும் பரவாயில்லை என்பதை. கால வரிசையில் எழுதிய குறிப்பில் கடைசியில் நிற்பது அந்த மனிதரின் இன்று. கத்தரி முதலில் தொடுவது அதைத்தான். வெட்டு விழுந்த பிறகு அச்சில் நிற்பவர் பிறந்தவராகவும் படித்தவராகவும் இருப்பார், ஏன் இந்த மேடைக்கு வந்தார் என்பது மட்டும் இருக்காது.

கால வரிசைக்கு இருக்கும் இந்த அபாயத்தை எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான ஒருவரின் பெரிய நூலிலேயே பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தக் கல்லூரிதான் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு கலந்தது. எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது, 1940-இல், ஆனந்த விகடனில் 'என் சரித்திர'த்தை வாராவாரம் எழுதத் தொடங்கினார். உத்தமதானபுரம் என்ற ஊரின் கதையில் ஆரம்பித்து, முன்னோர், பெற்றோர், பள்ளி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது என்று அணு அணுவாகக் காலத்தைப் பின்தொடர்ந்து போனார். 1942 ஏப்ரல் 28-இல் காலமானார். அப்போது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நின்றுகொண்டிருந்தது. 1906-இல் கிடைத்த மகாமகோபாத்தியாயப் பட்டம் அதில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் அளித்த டாக்டர் பட்டம் இல்லை. சிதம்பரத்தில் அவர் இருந்த காலமும் இல்லை.

அந்த நூல் அப்படி எழுதப்பட்டதால் தமிழுக்குக் கிடைத்தது மிகப் பெரிது. வழியைச் சொல்லும் நூல் அது. சேர்ந்த இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் வழியை நிதானமாகச் சொல்ல முடிந்தது. நூற்றுக்கணக்கான பக்கம் எழுத இடம் இருப்பவர் அப்படித்தான் எழுத வேண்டும். அறுபது வார்த்தைக்காரர் அதே வரிசையைப் பிடித்தால், அவருக்கும் அதே இடத்தில்தான் வெட்டு விழும், கையில் மிஞ்சுவது மட்டும் உத்தமதானபுரம் அத்தியாயத்தின் முதல் பத்தியளவு.

எப்படித் தீர்மானிப்பது என்பதைச் சமீபத்தில் என் முன்னால் உருவான ஒரு குறிப்பை வைத்தே சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், பள்ளி ஆசிரியர். பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றி எழுதிய புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் பின்னட்டைக் குறிப்போடு வந்தார். பெயர் வேண்டாம் என்றார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இது:

'கிள்ளை அருகே மீனவர் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். கிள்ளையில் பள்ளிக் கல்வியும், சிதம்பரத்தில் விலங்கியலில் இளங்கலையும், பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியலில் முதுகலையும் முடித்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் பிச்சாவரத்தில் அலையாத்திக் கன்று நடும் பணியில் ஈடுபட்டார். 2011 முதல் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். இவரது முதல் சிறுகதைத் தொகுப்பு பரிசு பெற்றது.'

படித்தால் ஒரு குறையும் தெரியாது. தமிழ் வாத்தியார் ஐயா பார்த்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். ஆனால் கையை வைத்துக் கீழ்ப்பாதியை மூடிப் பார்க்கச் சொன்னேன். மேலே தெரிந்தது ஒரு பிறப்பும் மூன்று படிப்பும். அலையாத்திக் காட்டைப் பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்தவர், எழுதியவருக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்துகொள்ள மூன்றாவது வாக்கியம் வரை காத்திருக்க வேண்டும்.

"அப்ப சிறந்ததை முன்னாடி போட்டுடலாம்ணே" என்று அங்கேயே உட்கார்ந்து தலைகீழாகத் திருப்பி எழுதினார்:

'பரிசு பெற்ற எழுத்தாளர். அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். முன்னதாக, பிச்சாவரத்தில் அலையாத்திக் கன்று நடும் பணியில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். அதற்கு முன் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியலில் முதுகலையும், சிதம்பரத்தில் விலங்கியலில் இளங்கலையும் முடித்தவர். கிள்ளை அருகே பிறந்தவர்.'

சிறந்ததை முதலில் போடு என்று சொல்லக் கேட்ட எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். இதில் இரண்டு கோளாறு இருக்கிறது. 'முன்னதாக', 'அதற்கு முன்' என்று வாசகரை வரிசையாகப் பின்னால் நடக்கவைக்கிறது இந்தக் குறிப்பு. ஒரு குறிப்பில் 'முன்னதாக' ஒரு முறை வரலாம், இரண்டாவது முறை வந்தால் அடுக்கு கலைந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்த பின் அதற்கு முந்தியதோடு மனத்துக்குள் இடம் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்து வாக்கியத்துக்கு அந்தச் சிரமத்தை யாரும் படமாட்டார்கள். ஆசிரியரானது கன்று நட்டதற்குப் பிறகா, கூடவேயா என்பதே மங்கலாகிவிடும்.

அடுத்த கோளாறு இன்னும் பெரிது. பரிசு அவருடைய வாழ்க்கையில் பெரிய செய்திதான், இந்தப் புத்தகத்துக்குப் பெரிய செய்தி ஆகாது. அது சிறுகதைக்குக் கிடைத்தது. அலையாத்திக் காட்டைப் பற்றி ஒருவர் சொல்வதை நம்புவதற்குச் சிறுகதைப் பரிசு எந்த வகையிலும் உதவாது. சிறந்தது என்று தனியாக ஒன்று கிடையாது, எந்த வாசகர் முன்னால் என்று கேட்டால்தான் அதற்கு விடை உண்டு. ஒருவரே வைத்திருக்கும் ஐந்து செய்திகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று முன்னால் வரும்.

அதனால் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆறு வருஷம் காட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கன்று நட்டோம் என்றுதான் முதலில் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திருத்திக்கொண்டார்.

"நட்டது பெரிய விஷயம் இல்லண்ணே. வாய்க்கா வெட்டினதுதான் விஷயம். காட்டுக்கு நடுவுல பள்ளமா கிடக்கிற இடத்துல கடத்தண்ணி வந்து தேங்கிடும். வெயில்ல காஞ்சு உப்பு ஏறிப்போயிடும். அதுல எதை நட்டாலும் கருகிடும். பெரிய வாய்க்கா ஒண்ணு வெட்டி, அதுல இருந்து ரெண்டு பக்கமும் சின்ன வாய்க்காலுங்க பிரிச்சு விட்டா, ஓதத்துல தண்ணி ஏறி வத்தத்துல இறங்கிடும். உப்பைக் கழுவிக்கிட்டுப் போயிடும். அப்புறம்தான் கன்னு."

மீன் முள்ளின் வடிவத்தில் வாய்க்கால் வெட்டும் இந்த முறைதான் பிச்சாவரத்தில் அழிந்த இடங்களை மீட்டது. இதை நேரில் செய்த ஒருவரின் குறிப்பில் 'கன்று நடும் பணியில் ஈடுபட்டார்' என்று மட்டும் இருந்தது. கன்று நடுவது எந்த ஊரிலும், எந்த விழாவிலும் நடக்கிறது. உப்பேறிய பள்ளத்தில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டவர் என்றால், காட்டைத் தெரிந்தவரும் தெரியாதவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருவருடைய சிறந்த வாக்கியம் பெரும்பாலும் அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் இருக்காது. அதை அவர் அன்றாட வேலையாகச் செய்து முடித்துவிட்டதால், அது சாதனைப் பட்டியலில் ஏறியிருக்காது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் வரிசையை மட்டும் மாற்றினால், இரண்டாந்தரமான ஒன்று முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது. மிச்சத்தை எப்படி அடுக்குவது? இதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஊர்க் கல்லில் ஒரு விடை இருக்கிறது. முதலாம் இராசராசன் தன் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி என்று ஒன்றை வெட்டவைத்தான். அரசனின் குறிப்புதான் அது, அரசாங்கமே எழுதிப் பரப்பிய குறிப்பு. அதன் தொடக்கம் பிறப்போ குலமோ இல்லை. செல்வத் திருமகளும், அவளைப் போலவே நிலமகளும் தனக்கே உரியவர்கள் என்ற உரிமைக் கூற்றில் தொடங்குகிறது. அரசனுக்கு அதைவிடப் பெரிய வாக்கியம் கிடையாது. அது முடிந்ததும் வெற்றிகள் வருகின்றன. ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகளிலேயே சொல்லப்படும் காந்தளூர்ச் சாலை முதலில். பிறகு வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி என்று போய், கொல்லம், கலிங்கம், ஈழம், இரட்டபாடி. கடல் நடுவே உள்ள பழந்தீவுகள் பன்னீராயிரம் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், வரிசையின் கடைசியில் சேர்கின்றன.

வெற்றி ஒன்று புதிதாகக் கிடைத்தால் வால் பக்கம் நீளும், தலை மாறாது. அவன் மகன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியும் இப்படியே வளர்ந்தது. கங்கைப் படையெடுப்பும், 1025-ஐ ஒட்டி நடந்த கடாரப் படையெடுப்பும் பட்டியலின் பிற்பகுதியில் வருகின்றன. ஒரு கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்துபோனால், எந்த வெற்றி வரை சொல்லியிருக்கிறது என்று பார்த்து அது ஏறக்குறைய எந்த வருஷத்தது என்று கல்வெட்டாய்வாளர்கள் கணிக்க முடிவது இதனால்தான். கால வரிசைக்கு மட்டுமே உள்ள பலம் இது. எது எதற்குப் பின் என்று வாசகருக்குச் சொல்லாமலே தெரியும், அதோடு புதியதைச் சேர்ப்பதும் எளிது.

தலையில் உரிமைக் கூற்று, உடம்பில் காலம். திரும்புவது ஒரே ஒரு முறை. தொடக்கத்தில் உரிமைக் கூற்றையும் இன்றைய நிலையையும் சொல்லிவிட்டு, ஒரு தடவை பின்னால் போய், அங்கிருந்து நேராக முன்னால் நடந்து வர வேண்டும். இரண்டாம் தடவை பின்னால் போகக் கூடாது. அறுபது வார்த்தைக்கு இதைவிட நல்ல அமைப்பை நான் பார்க்கவில்லை. மெய்க்கீர்த்தியில் அரசன் பெயர் வெற்றிகளுக்கெல்லாம் பிறகு, ஆட்சியாண்டுக்குச் சற்று முன்னால் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மேடை அறிமுகத்தின் முறை அது. பின்னட்டைக்கு அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பெயர் அட்டையிலேயே பெரிதாக இருக்கிறது.

எழுந்து போகும் முன் அந்த ஆசிரியர் கேட்ட கேள்விதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. "கிள்ளைல பொறந்தவங்கிறது எங்கண்ணே வரும்? கடைசிலயா?" இப்போதைய குறிப்புகளில் பிறந்த ஊர் கடைசி வாக்கியத்துக்குத் தள்ளப்பட்டு, கத்தரியில் விழுந்துவிடுகிறது. அதில் எனக்குப் பெரும்பாலும் வருத்தம் இல்லை. மென்பொருள் புத்தகம் எழுதியவர் எந்த ஊரில் பிறந்தார் என்பது வாசகருக்குத் தேவையில்லை. ஆனால் இங்கே அப்படி இல்லை. காட்டின் ஓரத்தில், ஓதமும் வத்தமும் பார்த்து வளர்ந்தவர் காட்டைப் பற்றி எழுதுகிறார். அவருடைய பிறப்பு இந்தப் புத்தகத்துக்குத் தகுதிச் சான்று. முதுகலைப் பட்டத்துக்கு முன்னால் அது வர வேண்டும். பழைய மலர்களில் எல்லோருக்கும் முதல் வாக்கியத்தில் வந்த ஊர் இவருக்கும் அங்கேயே வந்தது, காரணம் மட்டும் வேறு. அங்கே அது முறைப்படி வந்தது, இங்கே தகுதியால் வந்தது.

கடைசியாக அச்சுக்குப் போனது இது:

'கிள்ளை அருகே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் ஓரத்தில் பிறந்து, அந்தக் காட்டின் உப்பேறிய பள்ளங்களில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டு, காட்டை மீட்ட குழுவில் ஆறு ஆண்டுகள் உழைத்தவர். இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறார். பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் படித்த பின், 2004 சுனாமியைத் தொடர்ந்து அந்தப் பணியில் சேர்ந்தார், 2011-இல் ஆசிரியரானார். முதல் நூலான சிறுகதைத் தொகுப்பு பரிசு பெற்றது.'

இளங்கலை காணாமல் போய்விட்டது. முதுகலை சொன்ன பிறகு அதற்கு வேலை இல்லை. பள்ளியும் போய்விட்டது. பரிசு கடைசியில் இருக்கிறது. இடமில்லாமல் கத்தரித்தாலும் இந்தப் புத்தகம் ஒன்றையும் இழக்காது. 'குழுவில்' என்ற சொல்லை அவர்தான் சேர்க்கச் சொன்னார். சேர்த்தது சரி. முதல் வாக்கியத்தை எவ்வளவு வலுவாக எழுதுகிறோமோ அவ்வளவு கறாராக அதில் உண்மை இருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் கவனிக்காமல் போவார்கள். முதல் வாக்கியத்தில் ஏற்றிச் சொன்னால் கூட வேலை பார்த்த ஒருவர் படித்த உடனே மீதி வாக்கியங்களும் கெட்டுப்போகும்.

இதே குறிப்பை அவர் எல்லா இடத்துக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். சிறுகதைத் தொகுப்பின் மறுபதிப்புக்குப் பரிசு முதல் வாக்கியத்துக்குப் போகும், வாய்க்கால் கீழே இறங்கும். நிதியுதவி விண்ணப்பம், பதவி உயர்வுக் கோப்பு போன்றவற்றுக்குச் சுத்தமான கால வரிசைதான், வருஷங்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல். அங்கே படிக்கிறவர் ஆளைத் தெரிந்துகொள்ளப் படிப்பதில்லை, எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று சரிபார்க்கப் படிக்கிறார். நடுவே ஒரு வருஷம் விடுபட்டால் அதைத்தான் முதலில் கேட்பார். அவர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் யாராவது அறிமுகம் செய்தால், கிள்ளைப் பள்ளியில் தொடங்கி ஏறி வந்து பெயரில் முடிக்கட்டும்.

புத்தகம் வந்த பிறகு ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். பின்னட்டையைப் பார்த்தே துண்டறிக்கை தயாரித்திருந்தார்கள், பேசுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் ஆளுக்கு மூன்று வரிதான். இவருக்கு முதல் இரண்டு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள். பிறந்த காடு இருந்தது, வாய்க்கால் இருந்தது, இப்போதைய பள்ளி இருந்தது. அவருக்கு அடுத்த பெயருக்குக் கீழே இருந்த மூன்று வரியில் ஒரு பிறந்த ஊரும், இரண்டு பட்டங்களும், 'அதன் பின்னர்' என்று தொடங்கி முற்றுப்புள்ளி வராத ஒரு வாக்கியமும் இருந்தன.